ஜிப் ரன்னருக்கு ஒரு 34 செகண்ட் வீடியோ: கடைசி வரியில இருந்து எழுதினேன்

நான் வச்சிருக்கறது தையல் சாமான் கடை. நூல், பட்டன், ஜிப், லைனிங் துணி, கொக்கி, இந்த மாதிரி சின்னச் சின்ன பொருள் தான். ஒரு பொருளுக்கு ஒரு வீடியோன்னு போட ஆரம்பிச்சு, முதல் ரெண்டும் சரியா போகாம, மூணாவதுல தான் எது எங்க வரணும்னு பிடிபட்டுச்சு. அந்த ஒரே பொருளை, ஜிப் ரன்னரை மட்டும் வச்சு நடந்ததை அப்படியே சொல்றேன், ஏன்னா சின்னக் கடை வச்சிருக்கற யாருக்கும் பொருள் தான் வேற, சிக்கல் இதே சிக்கல் தான்.

முதல்ல பொருள் என்னன்னு சொல்லிடறேன். ஜிப்புல நம்ம பிடிச்சு இழுக்கறோம்ல, அந்த நகர்ற துண்டு தான் ரன்னர். ரொம்ப நாள் ஓடினா அதோட மேல் தகடுக்கும் கீழ் தகடுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி கொஞ்சம் விரிஞ்சுடும், அப்புறம் ரெண்டு பக்க பல்லையும் சேர்த்து அழுத்தற பிடி அதுக்கு இருக்காது, ரன்னர் மேல போகும் ஆனா பின்னாடி ஜிப் திறந்தே கிடக்கும். பல்லு எல்லாம் நல்லா இருக்கும், ஆனா பார்க்கறவங்க ஜிப்பே போச்சுன்னு முடிவு பண்ணி முழு ஜிப்பை மாத்துவாங்க, இல்லனா பையையே ஓரமா போட்டுடுவாங்க. ரன்னரை மட்டும் மாத்தினா போதும்ங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. இதைத் தான் வீடியோவா எடுக்கணும்னு நினைச்சேன்.

முதல் வீடியோ 1 நிமிஷம் 50 செகண்ட். முதல்ல கடை லோகோ சுத்தி வந்து நிக்கும், அப்புறம் நான் வணக்கம் சொல்லி கடை பேர் சொல்லி எத்தனை வருஷமா நடத்தறேன்னு சொல்லி, அலமாரி எல்லாம் ஒரு சுத்து காமிச்சு, அதுக்கப்புறம் ரன்னர் கைக்கு வரும்போது 40 செகண்ட் ஆயிருந்துச்சு. யூடியூப் ஸ்டூடியோவுல எந்த செகண்ட்ல எத்தனை பேர் பார்த்துட்டு இருக்காங்கன்னு ஒரு கோடு காமிக்கும், அதைப் பார்த்தா முதல் 3 செகண்ட்லயே கோடு செங்குத்தா விழுந்திருக்கு. அன்னைக்கு நான் இந்த பொருளுக்கு மவுசு இல்ல போலன்னு நினைச்சேன், அது தப்பான முடிவு. போனவங்க யாரும் ரன்னரைப் பார்க்கவே இல்ல, லோகோவைப் பார்த்துட்டு போயிருக்காங்க. பொருளைப் பத்தி அந்த கோடு எதுவுமே சொல்லல, என்னோட முதல் 3 செகண்டைப் பத்தி தான் சொல்லியிருக்கு.

ரெண்டாவது வீடியோவுல லோகோவையும் வணக்கத்தையும் தூக்கிட்டு நேரா பொருளுக்கு வந்தேன். இந்த தடவை நிறைய பேர் கடைசி வரைக்கும் பார்த்தாங்க. ஆனா வந்த மெசேஜ் பூரா "விலை என்ன?" மட்டும் தான். என்ன ஜிப்புங்க, எந்த பைங்க, பல்லு பிளாஸ்டிக்கா இரும்பா, ரன்னர் பின்னாடி என்ன நம்பர் போட்டிருக்குன்னு ஒவ்வொருத்தர் கிட்டயும் நாலு கேள்வி கேட்கணும். ரெண்டாவது கேள்விக்கே பாதி பேர் பதில் போடறதை நிறுத்திடுவாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது, அவங்க வேற வேலையில இருக்கும்போது சும்மா கேட்டது.

அந்த வீடியோவோட கடைசியைத் திருப்பிப் பார்த்தேன். "பிடிச்சிருந்தா லைக் பண்ணுங்க, ஃபாலோ பண்ணுங்க, நண்பர்களுக்கு ஷேர் பண்ணுங்க, கடைக்கு நேர்லயும் வரலாம், வாட்ஸ்அப்லயும் கேட்கலாம்"னு ஒரே மூச்சுல அஞ்சு வேலை குடுத்திருக்கேன். அஞ்சுல எது முக்கியம்னு எனக்கே தெளிவு இல்லாதப்ப பார்க்கறவங்க எப்படி ஒண்ணைப் பிடிச்சு செய்வாங்க.

அங்க தான் திசையை மாத்தினேன். மூணாவது வீடியோவுக்கு முதல்ல எழுதினது கடைசி வரி. கவுண்டர்ல ஒருத்தர் வந்து நின்னா சரியான ரன்னரை எடுத்துக் குடுக்க எனக்கு என்ன தெரியணும்? ரெண்டே விஷயம். ரன்னரைத் திருப்பிப் பார்த்தா பின்பக்கம் சின்னதா 3, 5, 8, 10ன்னு ஏதாவது ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும், அது சைஸ். அப்புறம் பல்லு எந்த வகை, சுருள் நைலானா, தனித்தனி பிளாஸ்டிக் பல்லா, மெட்டலா. ஒரே 5 நம்பரா இருந்தாலும் நைலான் ரன்னர் மெட்டல் ஜிப்புல ஒழுங்கா ஓடாது, அதனால ரெண்டும் தெரிஞ்சாகணும். ரெண்டையும் ஒரே போட்டோவுல வாங்கிடலாம். அதனால கடைசி வரி இப்படி வந்துச்சு:

"உங்க ரன்னரைத் திருப்புங்க, நம்பர் தெரியற மாதிரி பல்லோட சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க."

லைக், ஃபாலோ, ஷேர் எதுவும் இல்ல. ஒரே ஒரு வேலை, அதுவும் பை வீட்டுல இருக்கும்போது, போன் கையில இருக்கும்போது, எழுந்து நாலு அடி நடந்தா முடிஞ்சுடற வேலை. இந்த வரி முடிவானதும் ஒண்ணு கவனிச்சேன், வீடியோவோட மீதி எல்லாம் தானா உருவம் எடுக்க ஆரம்பிச்சுடுச்சு. நம்பர் இருக்குன்னு கடைசியில சொல்லப் போறேன்னா டெமோவுல அந்த நம்பர் ஒரு தடவை கண்ணுல பட்டிருக்கணும். பல்லு வகை கேட்கப் போறேன்னா பல்லு தெளிவா தெரியற மாதிரி ஒரு ஷாட் வேணும். அனுப்பற ஆளுக்கு பல்லு நல்லா இருக்கணும், பல்லு கொட்டியிருந்தா ரன்னர் மாத்தி பிரயோஜனம் இல்ல, அதையும் நடுவுல சொல்லியாகணும்.

அடுத்து டெமோ. ரெண்டாவது வீடியோவுல நான் செஞ்ச பெரிய தப்பு இங்க தான், அதை விவரமா சொல்றேன்.

ரன்னர் மாத்தறது நிஜத்துல ஒரு நாலஞ்சு நிமிஷ வேலை. பைக்குள்ள ஜிப்போட கீழ் முனையில தையலைக் கொஞ்சம் பிரிக்கணும். பழைய ரன்னரை கட்டிங் பிளேயரால ஓரத்துல நறுக்கி எடுக்கணும். புது ரன்னருக்கு ஒரு பக்கம் ரெண்டு வாய் இருக்கும், நடுவுல ஒரு தடுப்பு, இன்னொரு பக்கம் ஒரே வாய். ஜிப்போட ரெண்டு பட்டையையும் அந்த ரெண்டு வாய்ல ஆளுக்கொண்ணா ஒரே அளவுல நுழைக்கணும், அப்புறம் மேல இழுத்தா பின்னாடி ஜிப் மூடிட்டே வரும். ஒரு பட்டை முந்தி இன்னொண்ணு பிந்தினா ஜிப் கோணலா மூடும், முனையில துணி புடைச்சுக்கிட்டு நிக்கும். கடைசியா கீழ் முனையில பல்லு மேலயே நாலஞ்சு தையல் போட்டு, ரன்னர் கழண்டு வராம ஒரு தடுப்பு வச்சு, பிரிச்ச தையலை மூடிடணும்.

இதை ரெண்டாவது வீடியோவுல சுருக்கினப்ப நான் எங்க கட் பண்ணேன்னா, ரன்னர் வாய்கிட்ட பட்டையைக் கொண்டு போறது ஒரு ஷாட், அடுத்த ஷாட்ல ஜிப் மூடியாச்சு. எடிட் பண்ணும்போது எனக்கு அது இயல்பா தான் பட்டுச்சு, ஏன்னா நுழைக்கும்போது கை கொஞ்சம் தடுமாறுச்சு, அந்த தடுமாற்றம் அசிங்கமா இருக்கேன்னு வெட்டிட்டேன். கமெண்ட்ல ஒருத்தர் "இது வேற பை"ன்னு எழுதிட்டார். அதை விட முக்கியம், ரன்னர் வாங்கிட்டுப் போன ஒரு அக்கா மறுநாளே திரும்ப வந்தாங்க. "தம்பி, வீடியோல பார்த்தா சுளுவா இருந்துச்சு, எனக்கு உள்ளயே போக மாட்டேங்குது"ன்னாங்க. அவங்க நுழைக்கப் பார்த்தது ஒரே வாய் இருக்கற பக்கமா. வீடியோவுல எந்த இடத்தை அவங்க பார்த்திருக்கணுமோ அந்த இடத்தைத் தான் நான் வெட்டி எறிஞ்சிருக்கேன்.

அதுக்கப்புறம் டெமோவுக்கு நான் வச்சுக்கிட்ட அளவுகோல் இது: கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப செய்யற இடத்துல கட் பண்ணலாம், கை யோசிக்கற இடத்துல கட் பண்ணக்கூடாது. தையல் பிரிக்கறது திரும்பத் திரும்ப வர்ற வேலை, ஒரு செகண்ட் காமிச்சா போதும். முனையில தையல் போடறதும் அப்படியே. ஆனா பட்டை ரெண்டையும் வாய்ல குடுத்து, ரன்னர் உள்ள ஏறி, பின்னாடி ஒரு விரல் நீளத்துக்கு ஜிப் மூடி வர்றது வரைக்கும் ஒரே ஷாட், வெட்டு கிடையாது, வேகமும் கூட்டக்கூடாது. எனக்கு அது 7 செகண்ட் எடுத்துச்சு. 34 செகண்ட்ல 7 செகண்ட்னா அஞ்சுல ஒரு பங்கு, ஆனா நம்பிக்கை வர்ற இடம் அது தான். கை லேசா தடுமாறினா தடுமாறட்டும், பார்க்கறவங்க கையும் அங்க தடுமாறத் தானே போகுது.

அப்புறம் டெமோ ரன்னர் மாத்தினதோட முடியக்கூடாது, நிரூபிச்சு முடியணும். ஜிப் மூடிருச்சுன்னு காமிக்கறது நிரூபணம் இல்ல, ஏன்னா கெட்டுப்போன ரன்னரும் ஒரு நேரம் மூடத் தான் செய்யும். பை நிறைய துணியைத் திணிச்சு, ஜிப்பை மூடி, ரெண்டு பக்க துணியையும் பிடிச்சு எதிரெதிரா இழுத்துக் காமிச்சேன். திறக்கல. சொல்லப்போனா வாங்கறவங்க மனசுல ஓடற சந்தேகம் என்னவோ அதையே கேமரா முன்னாடி செஞ்சு பார்க்கணும், ரன்னருக்கு சந்தேகம் "திரும்பவும் பிளந்துக்குமா"ங்கறது தான்.

இப்ப ஹூக், அதாவது முதல் 3 செகண்ட். இதைக் கடைசியா தான் எழுதினேன், டெமோ என்ன நிரூபிக்குதுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம். நான் முதல்ல யோசிச்சு வச்சிருந்த வரி "தரமான ஜிப் ரன்னர் எங்க கிட்ட கிடைக்கும்". அதை சொல்லிப் பார்த்தப்ப தான் ஒண்ணு உறைச்சுச்சு, ரன்னர்ங்கற வார்த்தையே கடைக்காரங்களும் தையல்காரங்களும் சொல்ற வார்த்தை. கவுண்டருக்கு வர்றவங்க அப்படிக் கேட்டு நான் கேட்டதே இல்ல. அதனால ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டு வச்சு, ஜிப் விஷயமா வர்றவங்க முதல்ல வாயைத் திறந்து சொல்ற வாக்கியத்தை அப்படியே எழுதி வச்சேன். "அண்ணே ஜிப் போயிருச்சு", "மூடினாலும் திறந்துக்குது", "இழுக்க இழுக்க பின்னாடியே வாயைப் பொளக்குது", "ஜிப் மாத்த என்ன ஆகும்?" இதான் வந்துச்சு. ஹூக்குக்கு இதை விட நல்ல வரி நான் யோசிச்சா கூட வராது. அவங்க வாய்ல இருந்து வந்ததை அவங்க காதுக்கே திருப்பிக் குடுக்கணும், அவ்வளவு தான். ரன்னர்ங்கற வார்த்தை பின்னாடி வரட்டும், அதைக் கையில பிடிச்சுக் காமிக்கும்போது.

ஹூக்குல சொல்றதுக்கு முன்னாடி கண்ணு பார்த்துடுது, இதையும் மறக்கக்கூடாது. போனை சத்தமில்லாம வச்சு பார்க்கறவங்க நிறைய. அதனால முதல் ஃபிரேம்லயே, யாரும் எதுவும் பேசறதுக்கு முன்னாடியே, ஒரு கை ரன்னரை மேல இழுக்குது, பின்னாடி ஜிப் பிளந்துக்கிட்டே வருது. இந்தக் காட்சியை ஒரு தடவை அனுபவிச்சவங்க விரலை நகர்த்த மாட்டாங்க. அனுபவிக்காதவங்க போயிடுவாங்க, போகட்டும், அவங்களுக்கு இந்த பொருள் தேவையும் இல்ல.

முழு வீடியோவும் கடைசியா இப்படி வந்துச்சு:

0 முதல் 3 செகண்ட்: இழுக்க இழுக்க ஜிப் பிளக்குது. குரல்: "இழுக்க இழுக்க பின்னாடியே வாயைப் பொளக்குதா?"

3 முதல் 7: பல்லு கிட்டக்க தெரியுது, விரல் தடவிட்டுப் போகுது. "பல்லு இப்படி வரிசையா இருந்தா ஜிப்பை மாத்த வேணாம். இந்த ரன்னர் மட்டும் தான் தேஞ்சிருக்கு."

7 முதல் 10: பழைய ரன்னரை நறுக்கி எடுக்கறது, புது ரன்னரைத் திருப்பி நம்பர் தெரியற மாதிரி பக்கத்துல வைக்கறது. "அதே நம்பர்ல புதுசு."

10 முதல் 19: தையல் பிரிச்ச முனை ஒரு நொடி, அப்புறம் அந்த வெட்டாத 7 செகண்ட், கடைசியில தையல் போடறது ஒரு நொடி. "ரெண்டு வாய் இருக்கற பக்கம், ரெண்டு பட்டையும் சமமா." அதுக்கப்புறம் பேச்சே இல்ல, ஜிப் சத்தம் மட்டும்.

19 முதல் 25: பை நிறைய துணி, ரெண்டு பக்கமும் இழுக்கறது. குரல் இல்ல.

25 முதல் 28: பல்லு கொட்டின ஒரு பழைய ஜிப். "பல்லு இப்படி போயிருந்தா ரன்னர் உதவாது, முழு ஜிப் தான்."

28 முதல் 34: கை ரன்னரைத் திருப்புது, 5ன்னு தெரியுது, இன்னொரு கை போன்ல போட்டோ எடுக்குது. அந்த கடைசி வரி.

எழுதிட்டு சத்தமா படிச்சு ஸ்டாப்வாட்ச்ல பார்த்தேன், முதல்ல எழுதினது 50 செகண்ட் ஓடுச்சு. தமிழ்ல வார்த்தை நீளம்ங்கறதால என் பேச்சு வேகத்துக்கு ஒரு செகண்டுக்கு மூணு வார்த்தைக்கு மேல போட்டா மூச்சு முட்டற மாதிரி கேட்கும். கண்ணுக்குத் தெரியறதை வாயால திரும்ப சொல்ற வரியை எல்லாம் அடிச்சேன். "இப்ப நான் புது ரன்னரை எடுக்கறேன்"னு ஒரு வரி இருந்துச்சு, எடுக்கறது தான் தெரியுதே.

அந்த 25வது செகண்ட்ல வர்ற "ரன்னர் உதவாது"ங்கற இடத்தை வைக்கறதுக்கு எனக்கு முதல்ல மனசு வரல, விக்கற வீடியோவுல விக்காத கதையை ஏன் சொல்லணும்னு தோணுச்சு. ஆனா அந்த 3 செகண்ட் இல்லாத ரெண்டாவது வீடியோவுக்கு விலை கேட்டவங்க கிட்ட விசாரிச்சா பல்லு போன ஜிப்பா நிறைய வந்து, ஒவ்வொருத்தருக்கும் இது ஆகாதுங்கன்னு எழுதறதுலயே பொழுது போயிடுச்சு, அவங்களுக்கும் ஏமாற்றம். இப்ப அந்த மாதிரி ரொம்பக் குறைவு. எது முடியாதுன்னு நானே சொன்னதால முடியும்னு சொன்னதை நம்பினாங்கன்னும் நினைக்கறேன்.

எடுத்த விதத்துல மூணு விஷயம் தான் சொல்ல இருக்கு. ஒண்ணு, கேமரா வேலை செய்யறவங்க தலைக்குப் பின்னாடி மேல இருந்து கீழ பார்க்கணும். எதிர்ல வச்சா இடது வலது மாறிப் போகும், பார்த்துட்டு செய்யறவங்களுக்கு எந்த வாய் எந்தப் பக்கம்னு குழம்பும். ஸ்டாண்ட் இல்லாதப்ப ரெண்டு பக்கமும் பெட்டி அடுக்கி நடுவுல ஒரு பலகை போட்டு, போனோட கேமரா முனை மட்டும் பலகைக்கு வெளிய நீட்டற மாதிரி படுக்க வச்சேன், நல்லாவே நின்னுச்சு. ரெண்டு, கறுப்பு பையில கறுப்பு ஜிப்னா பல்லே தெரியாது, அதோட கேமரா தானா வெளிச்சத்தைக் கூட்டி கையை வெளுத்துப் போக வச்சிடும். வெளிர் நிற பை, அடர்ந்த நிற ஜிப் எடுத்தேன், திரையில விரலை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் பண்ணினேன். மூணு, பல்லைக் காமிக்கணும்னு போனை ரொம்ப கிட்டக்க கொண்டு போனா ஃபோகஸ் போயிட்டு போயிட்டு வரும், ஒரு சாண் தள்ளி வச்சு 2 மடங்கு ஜூம் பண்ணினா நிக்கும். வெளிச்சம் ஜன்னல் பக்கமா சாய்வா விழட்டும், அப்ப தான் ஒவ்வொரு பல்லுக்கும் சின்ன நிழல் விழுந்து தனித்தனியா தெரியும், தலைக்கு மேல டியூப்லைட்ல எடுத்தா பல்லு ஒரே கோடா தட்டையா இருக்கு, மெட்டல் மேல வெள்ளையா ஒரு பளிச்சும் விழுது.

எழுத்து போடறவங்க, திரையோட கீழ் ஓரத்துலயும் வலது ஓரத்துலயும் போடாதீங்க, ரீல்ஸ்லயும் ஷார்ட்ஸ்லயும் கணக்கு பேர், லைக் பட்டன் எல்லாம் அங்க தான் வந்து மேல உட்காரும். என்னோட முதல் வீடியோவுல வாட்ஸ்அப் நம்பரே அதுக்கு அடியில மறைஞ்சு கிடந்துச்சு, நான் போன் கேலரில பார்த்து சரியா இருக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன். போட்டதுக்கு அப்புறம் வேற ஒருத்தர் போன்ல ஒரு தடவை பார்த்துடணும்.

லிங்க் விஷயத்துலயும் இதே மாதிரி ஏமாந்தேன். இன்ஸ்டாகிராம் கேப்ஷன்ல லிங்க் போட்டா அது வெறும் எழுத்தா தான் நிக்கும், தொட்டா திறக்காது, புரொஃபைல் பயோல போட்டா தான் திறக்கும். யூடியூப் ஷார்ட்ஸ்லயும் 2023 ஆகஸ்ட் கடைசியில இருந்து டிஸ்கிரிப்ஷன்லயும் கமெண்ட்லயும் இருக்கற லிங்க் திறக்காது. அதனால பயோல ஒரே ஒரு லிங்க் வச்சு, வீடியோல "பயோல இருக்கற வாட்ஸ்அப் லிங்க்"னு திரையில எழுதினேன். அந்த லிங்கைத் தொட்டதும் மெசேஜ் பெட்டியில வார்த்தை தயாரா நிக்கற மாதிரி செய்யலாம்:

```
https://wa.me/NUMBER?text=ZIP
```

NUMBER இருக்கற இடத்துல நாட்டுக் குறியீட்டோட உங்க நம்பர், முன்னாடி கூட்டல் குறியோ பூஜ்யமோ நடுவுல இடைவெளியோ இல்லாம. ZIP-னு வந்து விழுந்தா அது இந்த வீடியோ பார்த்து வந்தவங்கன்னு எனக்குத் தெரிஞ்சுடும், வேற பொருளுக்கு வேற வார்த்தை வச்சுக்கலாம்.

போட்டதுக்கு அப்புறம் அந்த யூடியூப் ஸ்டூடியோ கோட்டைப் பார்த்து திருத்தினதும் உண்டு. இந்த மூணாவது வீடியோவை முதல்ல போட்டப்ப பழைய ரன்னரையும் புதுசையும் பக்கத்துல வச்சு இடைவெளி எவ்வளவு விரிஞ்சிருக்குன்னு விளக்கிட்டு இருந்தேன், 6 செகண்ட். எனக்கு அது ரொம்ப சுவாரஸ்யமான விஷயம், இப்பவும் தான். ஆனா கோடு சரியா அந்த இடத்துல சரிஞ்சிருக்கு. அதைக் குறைச்சு மேல சொன்ன மாதிரி அடக்கினேன். அதே கோடு, வெட்டாத 7 செகண்ட் வர்ற இடத்துல லேசா மேல எழும்பியிருந்துச்சு, அப்படி எழும்பினா திரும்பப் பின்னாடி போய் பார்த்திருக்காங்கன்னு அர்த்தம். கடைசியிலயும் ஒரு சரிவு இருந்துச்சு, காரணம் என் குரல். "சரிங்க, அப்போ..."ன்னு ஆரம்பிச்சிருந்தேன், அந்த "சரிங்க" காதுல விழுந்ததும் முடிஞ்சுதுன்னு விரல் நகர்ந்துடுது. அதை எடுத்துட்டு, பையை இழுத்துக் காமிச்ச அதே வேகத்துல நேரா "உங்க ரன்னரைத் திருப்புங்க"ன்னு ஆரம்பிச்சேன். நன்றி, மீண்டும் சந்திப்போம் எதுவும் இல்ல. கடைசி ஃபிரேம்ல அந்த 5ங்கற நம்பரும் வாட்ஸ்அப் லிங்க் எழுத்தும் அசையாம ரெண்டு செகண்ட் நிக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுக்கறவங்களுக்காக.

இன்னொரு சோதனையும் பண்ணினேன். டெமோவையும் முடிவையும் தொடாம முதல் 3 செகண்டை மட்டும் மாத்தி, "பையைத் தூக்கிப் போடாதீங்க!"ன்னு குப்பைத் தொட்டி மேல பையைப் பிடிச்சிருக்கற மாதிரி எடுத்து, ஒரு வாரம் கழிச்சு தனியா போட்டேன். பார்த்தவங்க எண்ணிக்கை அதுக்கு அதிகம், தெளிவாவே அதிகம். ஆனா மெசேஜைத் திறந்தா வார் அறுந்த பை, சக்கரம் உடைஞ்ச பெட்டி, துணி கிழிஞ்சது, இப்படி எல்லாம் வருது. ஹூக் பையைப் பத்தி பேசுது, டெமோ ஜிப்பைப் பத்தி பேசுது, அப்ப பைக்காரங்க தானே வருவாங்க. பிளக்கற ஜிப் ஹூக்குக்கு ஆள் குறைவு, ஆனா வர்ற மெசேஜ் பெரும்பாலும் நம்பரோட வருது. நான் பிளக்கற ஜிப் ஹூக்கைத் தான் வச்சிருக்கேன். முதல்ல எழுப்பற கேள்வியும் நடுவுல நிரூபிக்கறதும் கடைசியில கேட்கறதும் ஒரே ஜிப்பைப் பத்தி இருந்தா தான் வேலைக்காகுது.

ஒண்ணு மட்டும் முன்னாடியே யோசிக்காம விட்டுட்டேன், சரக்கு. வீடியோ ஓட ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே 5 நம்பர் நைலான் ரன்னர் தீர்ந்துடுச்சு, வர்றவங்களை எல்லாம் நாலு நாள் காக்க வச்சதுல சிலர் திரும்ப வரவே இல்ல. இப்ப வீடியோல காமிக்கற நம்பர் போதுமான அளவு இருக்கான்னு எண்ணிட்டு தான் போடறேன். வாட்ஸ்அப் பிசினஸ்ல குவிக் ரிப்ளையா ரெண்டு பதில் எழுதி வச்சிருக்கேன், ஒண்ணு நம்பர் தெளிவா இருந்தா அனுப்பறதுக்கு, இன்னொண்ணு போட்டோ மங்கலா இருந்தா எப்படி எடுக்கணும்னு சொல்றதுக்கு.

அந்த ரெண்டாவது பதில் தான் இப்ப அடுத்த வீடியோவுக்கு வழி விட்டிருக்கு. நிறைய ரன்னர்ல நம்பர் தேஞ்சு போயிருக்கு, சிலதுல நம்பரே இல்ல, அவங்க எல்லாம் "நம்பர் காணோம் அண்ணே, என்ன பண்ண"ன்னு கேட்கறாங்க. மூடின ஜிப்புல பல்லோட மொத்த அகலத்தை அளந்தா, அது எத்தனை மில்லிமீட்டரோ அது தான் ஏறக்குறைய அந்த நம்பர், 5 மில்லிமீட்டர்கிட்ட இருந்தா 5 நம்பர். அதை வச்சு மெட்டல் ஜிப்புக்கு ஒண்ணு எடுக்கப் போறேன். கடைசி வரி மட்டும் எழுதி கவுண்டர் கண்ணாடிக்கு அடியில வச்சிருக்கேன்: "ஜிப்பை மூடி, பல்லு மேல குறுக்கா ஸ்கேலை வச்சு ஒரு போட்டோ அனுப்புங்க." ஹூக்குக்கு நோட்டுல இன்னும் எழுதிட்டு இருக்கேன்.